ஓஎஸ்பிஎஃப் FULL காட்டியது, நானும் கையெழுத்துப் போட்டேன்: 1,85,000 ரூபாய்

நேற்று இரவுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கிளை அலுவலகங்களை இணைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசோலை எழுதுங்கள். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். தலைமை அலுவலகம் இங்கே, சாயப் பிரிவு பெருந்துறையில், தூத்துக்குடியில் ஒரு குடோன். திருப்பூரிலும் பெருந்துறையிலும் இரண்டு இரண்டு இன்டர்நெட் லைன். ஒன்று போனால் இன்னொன்றுக்குத் தானாக மாற வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. இதுவரை லைன் போனால் நான்தான் பாதி ராத்திரியில் ரூட்டை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நெட்வொர்க் சாமான் விற்று, மாட்டியும் கொடுக்கும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். கொட்டேஷனில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்: மூன்று இடத்துக்கும் ரவுட்டர், ஜிஆர்இ ஓவர் ஐபிசெக், மேலே ஓஎஸ்பிஎஃப். அதாவது ஜிஆர்இ உறையில் மடித்ததை ஐபிசெக் பூட்டும், வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கும். எந்த வழியில் போவது என்று ரவுட்டர்கள் தாங்களே பேசி முடிவு செய்ய ஓஎஸ்பிஎஃப். மொத்தம் 1,85,000 ரூபாய். முதலாளி ஒரு முறை முகத்தைச் சுளித்துவிட்டு, "நீ சொன்னா சரிப்பா" என்றார். அந்த வார்த்தைதான் இப்போது குத்துகிறது.

கேட்டதில் தப்பில்லை. பழைய பாணி ஐபிசெக்கில், இந்த சப்நெட்டிலிருந்து அந்த சப்நெட்டுக்குப் போவதைப் பூட்டு என்று ஒரு பட்டியல் எழுதுகிறோம். பட்டியலில் இருப்பது மட்டும் பூட்டப்பட்டுப் போகும். ஓஎஸ்பிஎஃப் ரவுட்டர்களோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஹலோ சொல்லித்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அந்த ஹலோ பட்டியலில் அடங்காது. ஓஎஸ்பிஎஃப்-ஐ ஓட்ட அங்கே ஒரு இன்டர்ஃபேஸும் கிடையாது. அதனால் முதலில் ஜிஆர்இ போட்டு எல்லாவற்றையும் ஒரு சாதாரண பாக்கெட்டுக்குள் மடித்து, அந்த மடித்த பாக்கெட்டை ஐபிசெக்கால் பூட்டுகிறோம். ஜிஆர்இ உறை மட்டும்தான், அதற்குப் பூட்டு கிடையாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வந்து மாட்டினார்கள். வந்த பையன் தங்கமான பையன். "அண்ணா, பாருங்கண்ணா" என்று லேப்டாப்பைத் திருப்பி `show ip ospf neighbor` அடித்துக் காட்டினான். பெருந்துறை, தூத்துக்குடி இரண்டுமே FULL, அதாவது ரவுட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து வழி விவரத்தை முழுசாகப் பகிர்ந்துகொண்டுவிட்டன. ஒரு லைனைப் பிடுங்கச் சொன்னான், பிடுங்கினேன். பிங் நின்றது. முக்கால் நிமிஷத்துக்குள் இன்னொரு லைன் வழியாக மறுபடி வந்தது. ஹலோ 10 நொடி, டெட் டைமர் 40 நொடி என்று படித்ததெல்லாம் கண்முன்னே நடந்தது. "ஐபிசெக்?" என்று கேட்டேன். கான்ஃபிகரேஷனை உருட்டி, `crypto map` என்ற வரிகளைக் காட்டி, "இதோ இருக்குதுங்கண்ணா" என்றான். இருந்தது. நானும் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். மிச்சப் பணமும் அன்றைக்கே போய்விட்டது.

அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு கட்டளையை அடிக்கச் சொல்லியிருந்தால் போதும்.

ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தது. பெருந்துறையில் பில்லிங் மென்பொருள் திறக்கும், லாகின் ஆகும், சின்ன ரிப்போர்ட் வரும். மாதக் கணக்கு மாதிரி பெரிய ரிப்போர்ட் கேட்டால் அப்படியே நின்றுவிடும். பிங் சுத்தமாகப் போகும். போன் செய்தேன். "ஐஎஸ்பி பிரச்சினை சார்." ஐஎஸ்பி-யைக் கூப்பிட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுபடி இவர்கள்: "உங்க சர்வர் ஸ்லோ சார்." மூன்றாம் முறை: "ஓஎஸ்பிஎஃப் FULL-ஆ இருக்குதா? அப்புறம் எங்க பக்கம் ஒண்ணும் இல்லை சார்." நாலாம் முறை சேல்ஸ்காரர், "ஏஎம்சி போட்டீங்கன்னா ஆள் அனுப்புறோம்" என்றார். 1,85,000 வாங்கிய வாய் அது.

சரி என்று நானே இறங்கினேன். விண்டோஸில் `ping -f -l 1472` அடித்தால் போகவில்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன், 1448-இல் போனது. அதோடு 28 பைட் ஹெடரைக் கூட்டினால் 1476. 20 பைட் வெளி ஹெடரும் ஜிஆர்இ-யின் 4 பைட்டும் சேர்ந்து உறை 24 பைட், லைனில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான 1500-இல் அது போக மிச்சம் இருப்பது அதுதான். சர்வர் 1500-க்கு முழுசாக, உடைக்கக்கூடாது என்ற குறியோடு அனுப்புகிறது. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, "சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி-யில் சொல்கிறது. சர்வரின் ஃபயர்வாலோ ஐசிஎம்பி-யை உள்ளேயே விடுவதில்லை. அதனால் பெரிய ரிப்போர்ட் மட்டும் தொங்குகிறது. டனலில், அதாவது அந்த ஜிஆர்இ பாதையில், இரண்டே வரியில் தீரக்கூடிய விஷயம்.

ஆனால் அந்த 1476 என்ற எண் உறுத்தியது. ஐபிசெக்கும் சேர்ந்திருந்தால் இன்னும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டுமே? வெறும் ஜிஆர்இ கணக்கு எப்படி வருகிறது?

ரவுட்டருக்கும் ஐஎஸ்பி பெட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்விட்சைப் போட்டு, மிரர் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, லைனில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். பூட்டியிருந்தால் ஐபிசெக் பூட்டிய பாக்கெட்டின் பெயரான ESP என்று மட்டும் தெரிய வேண்டும், உள்ளே குப்பையாக இருக்க வேண்டும். வரிசையாக GRE, GRE, GRE. புரோட்டோகால் எண் 47. ஒன்றைத் திறந்தால் உள்ளே எங்கள் டேட்டாபேஸ் கேள்வி எழுத்து எழுத்தாக வாசிக்க வருகிறது. பையர் பெயர், கிலோவுக்கு என்ன ரேட், எல்லாம். கை நடுங்கியது. ஒரு மாதத்துக்கும் மேலாக இது இப்படியே இன்டர்நெட்டில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ரவுட்டரில் `show crypto ipsec sa` அடித்தேன். `#pkts encaps: 0`. ஒரு பாக்கெட் கூடப் பூட்டப்படவில்லை. பையன் காட்டிய கிரிப்டோ மேப் இருந்ததே என்று அதன் பட்டியலைப் பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
access-list 110 permit ip 192.168.10.0 0.0.0.255 192.168.20.0 0.0.0.255
```

எங்கள் லேன் முகவரிகள். ஜிஆர்இ இல்லாத பழைய ஐபிசெக்குக்கு எழுதியதை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இங்கே பாக்கெட் வெளி இன்டர்ஃபேஸுக்கு வரும்போது ஜிஆர்இ ஏற்கெனவே அதை மடித்துவிட்டது. வெளியில் தெரிவது இரண்டு பப்ளிக் ஐபி மட்டும். பட்டியலோடு எதுவும் பொருந்தாது. பொருந்தாததை ரவுட்டர் தடுக்காது, பூட்டாமல் அனுப்பிவிடும். இரண்டு முனையிலும் ஒரே தப்பு என்பதால் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஓஎஸ்பிஎஃப் FULL. பிங் போகிறது. எல்லாரும் சந்தோஷம்.

காப்சரைப் படம் எடுத்து அனுப்பினேன். "நீங்க சைன் பண்ணிட்டீங்களே சார்" என்று பதில்.

நேற்று இரவு நானே மாற்றினேன். வெளி இன்டர்ஃபேஸில் இருந்த கிரிப்டோ மேப்பை எடுத்துவிட்டு, டனலிலேயே பூட்டைப் போட்டேன்:

```
crypto ipsec transform-set TS esp-aes 256 esp-sha256-hmac
 mode transport
crypto ipsec profile KAVAL
 set transform-set TS
interface Tunnel0
 ip mtu 1400
 ip tcp adjust-mss 1360
 tunnel protection ipsec profile KAVAL
```

ஜிஆர்இ ஏற்கெனவே ஒரு வெளி ஹெடர் போட்டுவிடுவதால் டிரான்ஸ்போர்ட் மோடு போதும், இன்னொரு 20 பைட் ஹெடர் மிச்சம். கோபத்தில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திருப்பூரில் முதலில் போட்டுவிட்டேன். பெருந்துறை ரவுட்டரில் டனல் வழியாகத்தான் லாகின் ஆகியிருந்தேன். ஒரு முனையில் பூட்டு, மறுமுனையில் இல்லை, டனல் செத்தது. ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கை எடுத்தேன். தூரத்தில் இருப்பதை முதலில் மாற்றுங்கள், அதுவும் பப்ளிக் ஐபி வழியாக உள்ளே போய்.

இன்னொரு எரிச்சல், தூத்துக்குடி. அங்கே ஒரே லைன், ஒரே சப்நெட், ஆறு கம்ப்யூட்டர். போக ஒரே வழிதான் இருக்கும்போது ஓஎஸ்பிஎஃப் எந்த வழியைக் கண்டுபிடிக்கும்? ஜிஆர்இ, ஓஎஸ்பிஎஃப் எதுவுமே வேண்டாம். சாதாரண ஐபிசெக் டனலும் ஒரு ஸ்டேட்டிக் ரூட்டும் போதும், எங்களிடம் இருந்த பழைய பெட்டியே அதைச் செய்திருக்கும். 1,85,000-இல் 52,000 அந்த ஒரு இடத்துக்குப் போனது. பெருந்துறைக்கும்கூட ஜிஆர்இ கட்டாயம் இல்லை என்று நண்பர் ஒருவர் இன்று காலையில் சொன்னார். இரண்டு முனையிலும் ஒரே ரகப் பெட்டி என்றால் `tunnel mode ipsec ipv4` போட்டாலே மல்டிகாஸ்ட் போகும், ஓஎஸ்பிஎஃப் ஓடும், ஜிஆர்இ-யின் 4 பைட்டும் மிச்சம். ஐபி அல்லாத எதையாவது, ஐஎஸ்-ஐஎஸ் மாதிரி, கொண்டுபோக வேண்டும் என்றால் ஜிஆர்இ வேண்டும். பூட்டே இல்லாத வெறும் ஜிஆர்இ, கீழே ஓடும் லைன் உங்களுடையதாகவோ நீங்கள் நம்புவதாகவோ இருந்தால் சரி. இன்டர்நெட் மேல் அது தபால் கார்டு.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக: FULL-ஐப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். `#pkts encaps` உங்கள் கண்முன்னே ஏறுகிறதா என்று பாருங்கள். வெளி லைனில் காப்சர் எடுத்து, 47 தெரிந்தால் பணம் தராதீர்கள். அங்கே ESP, அல்லது நடுவில் நேட் இருந்தால் யுடிபி 4500, இவைதான் தெரிய வேண்டும். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து பாருங்கள், பிங் போதாது. ஒரே லைன் உள்ள கிளைக்கு ஓஎஸ்பிஎஃப் விற்க வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்று மதியம் மறுபடி கூப்பிட்டேன். 1,85,000-இல் தூத்துக்குடிக் காசையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார் சார்." நாலு மணிக்கு அதே பதில். ஆறு மணிக்கு எடுக்கவே இல்லை.