குரோம்பேட்டையிலிருந்து கிண்டி: ரயிலா, பஸ்ஸா, சைக்கிளா?

குரோம்பேட்டையில் வீடு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 13 கிலோமீட்டர்.

மின்சார ரயிலில் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை தாண்டினால் கிண்டி வந்துவிடும், ஏறக்குறைய 20 நிமிடம்தான். டிக்கெட் 5 ரூபாய், மாணவர் சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. ஆனால் அந்த 20 நிமிடத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, வண்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் கிண்டியில் இறங்கி சர்தார் பட்டேல் சாலையில் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் என எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். காலையில் தாம்பரத்திலேயே நிரம்பி வரும் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, ஆனாலும் நின்று களைப்பதற்குள் இறங்கிவிடலாம்.

பஸ்ஸில் வண்டி மாறாமல் 21ஜியில் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இறங்கலாம், நடை மிச்சம். சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம், பல்லாவரத்திலும் கத்திப்பாராவிலும் மாட்டிக்கொண்டால் ஒன்றேகால்கூட ஆகும். அத்தனை நேரமும் கனமான பையை முதுகில் சுமந்தபடி, பிரேக் போடும் போதெல்லாம் முன்னால் சரிந்து நிற்பதுதான் உண்மையான களைப்பு. என்னைக் கேட்டால் மூன்றில் ஆளை அதிகம் சோர வைப்பது பஸ்தான். செலவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு: 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம், பாஸ் இல்லாத பையன்களுக்கோ தினமும் டிக்கெட்.

சைக்கிளில் செலவு பஞ்சர், பிரேக் கட்டை அளவுதான். ஜிஎஸ்டி சாலையில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தாலும் பெரிதாக மாறாது. நேரத்தை நம்பிக் கிளம்ப இதைப் போல வேறொன்றில்லை. தொல்லை என்னவென்றால் சட்டை நனைந்து வகுப்புக்குள் நுழைய வேண்டும், பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே கத்திப்பாராவில் தடம் மாறுவது பயமுறுத்தும் வேலை. இதே வீடு வேளச்சேரியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சுமார் 5 கிலோமீட்டர்தான், சைக்கிளுக்கு முன்னால் பஸ் நிற்காது.

குரோம்பேட்டைக்காரர்களுக்கு என் தேர்வு கலவைதான். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், ஸ்டாண்டில் பூட்டிவிட்டு ரயில், கிண்டியில் அடையாறு பக்கம் போகும் பஸ். பெண்களுக்கு அந்தக் கடைசிப் பஸ்ஸும் இலவசம், சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் போதும். பையன்கள் நேரம் இருந்தால் நடக்கலாம், காலை வெயில் ஏறுவதற்குள் 25 நிமிடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் குடையோடு கிளம்புங்கள், பத்து நிமிடம் முன்னதாக.