திருமணப் பதிவுப் படிவம்: அப்பா பெயரை எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதுவது?

ஆன்லைன் திருமணப் பதிவில் பெற்றோர் பெயரை நிரப்ப இரண்டு வழி உண்டு. அவர்களுடைய அடையாள அட்டையில் இருப்பதுபோல் எழுதலாம், இல்லையென்றால் மணமக்களின் பாஸ்போர்ட்டிலோ பிறப்புச் சான்றிதழிலோ பெற்றோர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படி எழுதலாம். இரண்டிலும் ஒரே எழுத்துகள் இருந்தால் கவலையே இல்லை. ஆனால் இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதிப் பழகிய நமக்கு அது அபூர்வம்.

என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் SUBRAMANIAN KRISHNAN. மாமனாரின் அட்டையிலோ SUBRAMANIAM K. ஆள் ஒருவர்தான், ஆனால் கடைசி எழுத்து வேறு, இனிஷியலும் விரியவில்லை. நாங்கள் பாஸ்போர்ட்டில் இருந்ததையே எழுதினோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காரணம், சான்றிதழ் பிறகு எங்கே போகிறது என்பதுதான். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கவோ குடும்ப விசாவுக்கோ கொடுக்கும்போது அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுவது மணமக்களின் ஆவணங்கள். அப்பாவின் அட்டை பெரும்பாலும் அந்த ஆவணங்களோடு இருக்கவே இருக்காது. அங்கே ஒரு எழுத்து மாறினாலும் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கக்கூடும். பதிவான சான்றிதழைத் திருத்துவது புதிதாக விண்ணப்பிப்பதைவிட நீண்ட வேலை, அதனால் எழுதும்போதே சரியாக எழுதிவிடுவது நல்லது. அட்டைப்படி எழுதுவதில் ஒரே வசதி, பதிவு நாளில் பெற்றோரின் அட்டையைக் கேட்கும் அலுவலகமாக இருந்தால் கேள்வி வராது என்பதுதான்.

சாட்சி விஷயத்தில் கதை தலைகீழ். அவர் கையில் கொண்டுவரும் அட்டையைத்தான் அதிகாரி திரையோடு ஒப்பிடுவார், எனவே அதில் உள்ளபடியே எழுத வேண்டும். பெயரை போனில் கேட்டு எழுதாதீர்கள், அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகவரியும் அதில் இருப்பதுதான். வீடு மாறியவர் என்றால் புது முகவரி உள்ள வேறு அட்டை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் வேறு சாட்சியைப் பாருங்கள்.

இங்கேதான் சிக்கல். அப்பாவையே சாட்சியாகப் போட்டால், ஒரே படிவத்தில் ஒரே மனிதர் தந்தை கட்டத்தில் ஒரு பெயரிலும் சாட்சி கட்டத்தில் வேறு பெயரிலும் நிற்பார். அதனால் மாமனாரைச் சாட்சியாக்காமல் பெரியப்பாவைக் கேட்டோம். மாமனாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் இரண்டு கட்டத்திலும் ஒத்துப்போகும் பெயர் அவரிடம் இல்லை. பெயர் ஒன்றாகவே இருக்கும் பெற்றோர் தாராளமாகச் சாட்சியாக வரலாம், விதி தடுக்காத வரை.

பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் தங்களுக்குள்ளேயே முரண்பட்டால்? எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. நானாக இருந்தால் படிவத்தோடு இணைக்கப்போகும் ஆவணத்தின் பக்கம் நிற்பேன், அதுவும் பதிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்ட பிறகு. அப்புறம், ஆங்கிலத்தில் தட்டியதைச் சில படிவங்கள் தாமாகவே தமிழாக்கிக்கொள்ளும். சமர்ப்பிக்கும் முன் அந்தத் தமிழ்ப் பெயர்களையும் படித்துப் பாருங்கள், பல இடங்களில் அதற்குப் பிறகு திருத்த முடியாது.