Win+V: கரண்ட் போகும் வரை நல்ல பிள்ளை

"கட் பண்ணி வச்ச நான்கெல்லை போயிடுச்சு மச்சான், எடுக்க முடியுமா?" புதுச்சேரியில் பத்திரம் டைப் அடிக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். பழைய கிரயப் பத்திரத்தின் வேர்டு கோப்பில் சொத்து விவரத்தை இடம் மாற்ற Ctrl+X அடித்திருக்கிறான். ஒட்டுவதற்குள் பார்ட்டியின் ஆதார் எண்ணை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி எடுத்துவிட்டான். அப்புறம் எத்தனை தடவை Ctrl+V அடித்தாலும் ஆதார் எண்தான் விழுகிறது.

Win+V அழுத்தச் சொன்னேன். காப்பி செய்தவற்றின் பட்டியலுக்குப் பதில் Turn on பட்டன் வந்தது. அதோடு அந்த வழி அடைபட்டுப் போனது. கிளிப்போர்டு ஹிஸ்டரி 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் இருக்கிறது, ஆனால் நாம் போய் ஆன் செய்தால்தான் சேர்க்கத் தொடங்கும். அதற்கு முன் காப்பி ஆனது எதுவும் அதில் இருக்காது.

கட் பண்ணியது என்பதால் பிழைத்தான். அந்தப் பத்தி திரும்பி வரும் வரை வேர்டில் Ctrl+Z அடி, வந்ததும் அதைக் காப்பி எடு, பிறகு பழைய நிலைக்கு வரும் வரை Ctrl+Y அடி என்றேன். நடுவில் ஓர் எழுத்துகூட டைப் அடிக்கக் கூடாது, அடித்தால் Ctrl+Y வேலை செய்யாது. பின்னால் செய்த திருத்தமெல்லாம் போய்விடும். காப்பி எடுப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. ரீ சர்வே எண்ணிலிருந்து வடக்கு எல்லை வரை முழுசாக வந்துவிட்டது.

"இந்த Win+V நல்லா இருக்குமா, நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே" என்று அடுத்த கேள்வி. அவனுக்கு எழுதத் தொடங்கியதுதான் இது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் டைப்பிங் கடையில் இது இல்லாமல் இப்போது வேலை ஓடாது. காப்பி செய்தவற்றில் கடைசி 25 இருக்கும், வேண்டியதைச் சொடுக்கினால் அந்த இடத்தில் ஒட்டிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அதுவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். படமாகச் சுட்டுத் தள்ளினால் காலையில் எடுத்த பத்தி மாலைக்குள் வெளியே போயிருக்கும்.

நமக்கென்று இருக்கும் சிக்கல் வேறு. பாமினியில் அடித்த அம்மா, பட்டியலில் mk;kh என்று நிற்கும். பட்டியலுக்கு அந்த எழுத்துரு தெரியாது, அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தைத்தான் காட்டும். உரை கெட்டுவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. ஒட்டிவிட்டுப் பாமினியைத் தேர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் ஐந்து மனு வரிசையாக அப்படி நின்றால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

என் ஆத்திரம் இதுவும் இல்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் காலி. மழைக்காலத்தில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் படுத்துவிட்டால் அவ்வளவுதான். வேர்டாவது சேமிக்காத கோப்பை மீட்க முயன்று பார்க்கும், இது பார்க்காது. பின் குத்தி வைத்தவை மட்டும் பிழைக்கும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் தொலையப் போவது எது என்று முன்கூட்டியே தெரிந்தால் நான் அதை நோட்பேடிலேயே போட்டு வைத்திருப்பேனே! நான் பின் செய்து வைத்திருப்பதெல்லாம் மனுவின் "பெறுநர்" முகவரியும் ஐஎஃப்எஸ்சி எண்ணும்தான். அவை தொலைந்தாலும் ஒரு நிமிடத்தில் அடித்துவிடலாம்.

அதனால் என் சொந்த மடிக்கணினியில் டிட்டோ என்ற கிளிப்போர்டு மென்பொருளைப் போட்டேன். இலவசம். காப்பி ஆவதை டிஸ்க்கில் ஒரு டேட்டாபேஸில் எழுதி வைக்கிறது, ரீஸ்டார்ட் ஆனாலும் அப்படியே இருக்கும். Ctrl+` அடித்துத் தேடலாம். பாமினி உரையைத் தேட, பாமினிக்கு அடிப்பதுபோலவே விசைகளைத் தட்டினால் போதும், mk;kh என்றால் mk;kh கிடைத்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகத் தெரிந்துகொண்டதில் அன்று முழுக்க சந்தோஷம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பனுக்கு நான் சொன்ன முடிவு: உன் மேசைக் கம்ப்யூட்டரில் Win+V ஆன் செய், டிட்டோ போடாதே. பார்ட்டிகள் தாங்களே உட்கார்ந்து பிரிண்ட் எடுக்கும் கம்ப்யூட்டரில் இரண்டுமே வேண்டாம். Win+V தட்டினால் முன்னால் வந்தவரின் ஆதார் எண்ணும் பான் எண்ணும் வரிசையாக நிற்கும். நான் திட்டுகிற ரீஸ்டார்ட் அங்கே உதவி செய்கிறது, டிட்டோ அதையும் செய்யாது. இடையில் துடைக்க Clear all இருக்கிறது. அது பின் குத்தியதைத் தொடாது, அதைத் தனியாக அழிக்க வேண்டும்.