கண்ணாடிக் கோப்பைக்கு ஏன் கூடுதல் நேரமும் கட்டணமும்?

வணக்கம். படங்களில் பின்னணியை வெட்டி நீக்க, பீங்கான் குவளைக்கும் கண்ணாடிக் கோப்பைக்கும் ஏன் ஒரே கட்டணம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வழிகளையும் சொல்கிறேன்.

முதல் வழி, விளிம்பை ஒட்டி வெட்டுவது. குவளைக்கு இது போதும். பத்து நிமிட வேலை. கோப்பையை இப்படி வெட்டினால் வெளிப்புறம் மட்டும்தான் போகும். படம் எடுத்தபோது பின்னால் இருந்த சாம்பல் நிறம் கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். உங்கள் கருநீலப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: காலிக் கோப்பையில் கலங்கிய நீரை ஊற்றியதுபோல் இருக்கிறது.

இரண்டாவது வழி படப்பிடிப்பிலேயே தொடங்குகிறது. கேமராவையும் கோப்பையையும் அசைக்காமல் இரண்டு படங்கள் எடுப்பேன். வெள்ளைப் பின்னணியில் விளிம்புகள் கருங்கோடுகளாகத் தெரியும்; கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டு விளக்கில், அதே விளிம்புகள் ஒளிக்கோடுகளாகும். முதல் படத்திலிருந்து கருமையையும் இரண்டாவதிலிருந்து ஒளியையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்தால், இடையில் உங்கள் நீலம் ஊடுருவித் தெரியும். கைரேகையும் தூசியும் கறுப்பில் பளிச்சென்று தெரிவதால் அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கட்டணம் உயர்வது இதனால்தான்.

ஒரு குறை உண்டு: கோடுபோட்ட பின்னணியில் வைத்தால், உண்மையான கண்ணாடிபோல் கோடுகள் வளைந்து தெரியாது. ஒரே நிறப் பக்கத்தில் அது உறுத்தாது.

படங்கள் எடுத்த சாம்பல் பின்னணியிலேயே வெளியாகும் என்றால் வெட்டவே வேண்டாம். கூடுதல் கட்டணமும் வாங்க மாட்டேன். பக்கத்தின் நிறத்தை முடிவு செய்து சொல்லுங்கள்.