தொடக்க எண் எழுதாத ஜாப் கார்டு: நான்கு வருட அனுபவம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒன்பது சிஎன்சி லேத், மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் 2, 2 முதல் 10, 10 முதல் காலை 6. நான் சேர்ந்தபோது ஜாப் கார்டில் உற்பத்திக்கென்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஷிப்ட் முடியும்போது ஆபரேட்டர் தன் மெஷின் பக்கத்தில் இருக்கும் பீஸ்களை எண்ணி அதில் எழுதுவார். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது யாரும் எதையும் எழுதுவதில்லை. இப்போது கார்டில் தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. மாறி நான்கு வருடம் ஆகிறது.

மாறியதற்குக் காரணம் ஒரு ஷாஃப்ட் லாட். ஸ்டோரிலிருந்து 300 பீஸ் வாங்கி லேத்தில் ஏற்றினோம். லோடிங் சேர்த்து ஒரு பீஸுக்கு 4 நிமிடம். மூன்று ஷிப்டில் லாட் முடிந்தது. கார்டுகளைக் கூட்டிப் பார்த்தால் முதல் ஷிப்ட் 104 ஓகே, 2 ரிஜெக்ட்; இரண்டாவது 113 ஓகே, 1 ரிஜெக்ட்; மூன்றாவது 92 ஓகே, ரிஜெக்ட் இல்லை. மொத்தம் 312. கொடுத்தது 300 பீஸ், வந்தது 312! இன்ஸ்பெக்‌ஷனில் போய் எண்ணினால் 297 ஓகே பீஸ்தான் இருந்தது. மூன்று ரிஜெக்டைச் சேர்த்தால் சரியாக 300. ஆக, பீஸ் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. கார்டில்தான் 12 அதிகம்.

இன்சென்டிவ்வுக்காக யாரோ கூட்டி எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டாவது ஷிப்ட் ஆபரேட்டரைக் கேட்டபோது, "கிரேட்டுல இருந்ததை அப்படியே எண்ணித்தானுங்ணா எழுதினேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். முதல் ஷிப்ட்காரர் செய்த 104-ல் 92 பீஸ்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போயிருந்தது. மீதி 12 பீஸ் கிரேட்டிலேயே கிடந்தது. தன் கணக்கில் அதையும் சேர்த்து எழுதிவிட்டு அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். பிறகு வந்தவர் ஷிப்ட் முடிவில் அதே கிரேட்டை எண்ணினார். அவர் உண்மையில் செய்தது 101. ஒரே 12 பீஸ் இரண்டு கார்டில் ஏறிவிட்டது.

கொஞ்சம் கவனித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். 480 நிமிட ஷிப்டில் சாப்பாடு, டீக்கு 45 நிமிடம் போனால் 435 நிமிடம். பீஸுக்கு 4 நிமிடம் என்றால் 108-க்கு மேல் வரவே வராது. 113-ம் ஒரு ரிஜெக்டும் சேர்ந்து 114 என்று எழுதியிருக்கும் கார்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான்.

அடுத்த மாதமே தொடக்க எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்தோம். கிரேட்டை எண்ணி எழுதுவதா, மெஷின் கவுன்டரைப் பார்த்து எழுதுவதா என்று கொஞ்ச நாள் விவாதம் ஓடியது. கடைசியில் கவுன்டர் என்று முடிவானது. எங்கள் லேத்களில் ஃபானுக் கண்ட்ரோல். பொசிஷன் திரையிலேயே `PART COUNT` தெரியும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். போகிறவர் கார்டில் அது முடிவு எண், வருகிறவர் கார்டில் தொடக்க எண். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலே பாதிச் சண்டை முடிந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சக்கில் பாதி ஓடிக்கொண்டிருக்கும் பீஸ் யாருக்கு என்ற பழைய தகராறும் இதில் தீர்ந்தது. சைக்கிள் முடிந்து எண் கூடும்போது யார் ஷிப்டோ, பீஸ் அவருக்கு.

ஆனால் கவுன்டரை அப்படியே நம்பவும் முடியாது. அது எண்ணுவது பீஸை அல்ல, சைக்கிளை. எங்கள் மெஷின்களில் புரோகிராம் கடைசியில் வரும் `M30`-ஐத் தொட்டால் ஒன்று கூடும். சக்கில் பீஸ் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. காலையில் மெஷினைச் சூடேற்ற இரண்டு முறை சும்மா ஓட்டினால் இரண்டு ஏறும். இன்செர்ட் மாற்றிய பிறகு அளவு அதிகமாக வந்த பீஸைத் திரும்ப ஓட்டினால் ஒரு பீஸுக்கு இரண்டு எண் விழும். அதற்காக வெற்று ஓட்டம் என்று இன்னொரு சின்னக் கட்டம் சேர்த்தோம். இந்த மறு ஓட்டங்களையும் அதில்தான் எழுதச் சொல்கிறோம். ஆரம்பத்தில் யாரும் அதைத் தொடவே இல்லை. கழித்தால் தங்கள் எண் குறையும் என்ற பயம். மறு ஓட்டத்துக்கான நேரத்தைத் தனியாக ஒத்துக்கொள்வோம் என்று சொன்ன பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள்.

இன்னொரு தொல்லை, கவுன்டரைப் பூஜ்யம் ஆக்கும் பழக்கம். சில பேருக்கு மெஷினில் ஏறியதும் எண்ணை அழித்துவிட்டுத்தான் வேலை ஓடும். முந்தைய ஷிப்ட்காரர் முடிவு எண்ணை எழுதுவதற்குள் அழித்துவிட்டால் அன்றைய கணக்கு போச்சு. லாட் மாறும்போது மட்டும், அதுவும் செட்டர் மட்டும் அழிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். இன்றும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை மீறல் நடக்கிறது. தொடக்க எண் 0, ஆனால் லாட் பழையது என்று கார்டில் இருந்தால் அதுதான் அடையாளம். அன்றைக்குக் கிரேட்டை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

கார்டில் இருப்பதை மறுநாள் காலை நான் எக்செலில் ஏற்றுகிறேன். மூன்றாவது ஷிப்டுக்கு எந்தத் தேதி என்பதில் முதலில் குழம்பினோம். இப்போது ஷிப்ட் ஆரம்பித்த நாளின் தேதிதான். நள்ளிரவு தாண்டினாலும் மாறாது. நேரத்தைச் சும்மா கழித்தால் அந்த ஷிப்டுக்கு மைனஸில் வரும். அதனால் C, D-யில் ஆரம்ப, முடிவு நேரம். E, F-ல் தொடக்க, முடிவு எண். G-யில் வெற்று ஓட்டம். H-ல் ரிஜெக்ட் என்று வைத்து இப்படிப் போடுகிறேன்:

```
=MOD(D2-C2,1)*1440
=F2-E2-G2-H2
```

முதல் வரி நிமிடம், இரண்டாவது ஓகே பீஸ். பக்கத்துக் கட்டத்தில் சைக்கிள் நேரத்தைப் பெருக்கி, சாப்பாடு, டீக்கான 45 நிமிடம் போக இருக்கும் நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன். அந்த 114 இன்று வந்திருந்தால் சிவப்பாகியிருக்கும்.

நடுவில் ஒரு வருடம் டேப்லெட்டில் பார்கோடு ஸ்கேன் செய்து பார்த்தோம். கூலன்ட் பட்ட விரலுக்கு அந்தத் திரை அசையாது. துடைத்துவிட்டு வருவதற்குள் 2.10 பஸ் கிளம்பிவிடும். அதனால் ஷிப்ட் முடிய அரை மணி நேரம் முன்பே உத்தேச எண்ணைப் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் இதே வேலையைச் செய்தால் கண்டுபிடித்துவிடலாம்: எல்லாக் கட்டமும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் எழுதியிருக்கும், எண்கள் 5-லும் 0-விலும் முடியும். டேப்லெட்டில் எல்லா எண்ணும் ஒரே மாதிரி சுத்தமாகத்தான் தெரியும். கார்டுக்கே திரும்பிவிட்டோம். பிளாஸ்டிக் உறைக்குள் கார்டு, நூலில் கட்டிய பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா எண்ணெய் பட்ட அட்டையில் ஊறிப்போகும், பென்சிலுக்கு அனுமதி இல்லை.

தீராத ஒன்று ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை கடைசி ஷிப்ட்காரர் ஞாயிறு காலை 6 மணிக்குப் போகிறார், அடுத்தவர் திங்கள் காலை 6 மணிக்கு வருகிறார். சேர்ந்து நின்று பார்க்க ஆள் இல்லை. நடுவில் மெயின்டனன்ஸ்காரர் வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தால் கவுன்டர் நகர்ந்திருக்கும். போன மாதத்திலிருந்து சனிக்கிழமை முடிவு எண்ணைக் கிளம்பும் முன் போனில் படம் எடுத்து ஷிப்ட் குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நான்கு வாரத்தில் மூன்று வாரம் வந்திருக்கிறது.