மாதம் ஓர் அத்தியாயம்: தேதியா, கிழமையா?

நீண்ட அத்தியாயம் ஒன்றைப் படித்துச் சுருக்கம் எழுத, மாதாந்திர நினைவூட்டலை இரண்டு விதமாக வைக்கலாம். தேதியை வைத்தால் அமைப்பது சுலபம். ஆனால் 31 என்று கொடுத்தால், சில காலண்டர் செயலிகள் அந்தத் தேதி இல்லாத மாதங்களைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு 7 முறைதான் நினைவூட்டும். 15 என்றால் எந்த மாதமும் விடுபடாது, ஆனால் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை வரும், அடுத்த மாதம் வேலை நாளில் வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்தது 'மாதத்தின் முதல் சனிக்கிழமை' என்ற அமைப்பு. சனிக்கிழமை வேலை இருந்தால் உங்கள் ஓய்வு நாளை வையுங்கள். நாள் முன்கூட்டியே தெரிவதால் 2 மணி நேரத்தை முழுதாக ஒதுக்கலாம்: படிக்க ஒன்றரை மணி, அப்புறம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து ஐந்தாறு வரி எழுத அரை மணி. ஷிப்ட் மாறுபவர்களுக்குக் கிழமையால் பயனில்லை. அவர்களுக்குத் தேதியே சரி, 28-க்குள் இருக்கட்டும்.