டேஷ்ஹண்ட் நாய் வைத்திருப்பவர்களுக்கு: "காலை இழுத்துக்குது, உணர்ச்சி இருக்கு" என்று கிளினிக்கில் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

5 வயது ஆண் டேஷ்ஹண்ட், எடை 9 கிலோ. முதல் நாள் முதுகு வலியோடு கிளினிக்குக்குப் போனது. எட்டாம் நாள் இரண்டு பின்னங்கால்களிலும் உணர்வே இல்லை. இடைப்பட்ட நாட்களில் உரிமையாளர் கொடுத்த பணத்துக்கு ஊசி, எக்ஸ்ரே, 15 சிட்டிங் லேசர் பேக்கேஜ் எல்லாம் கிடைத்தன. கிடைக்க வேண்டிய இரண்டு மட்டும் கிடைக்கவில்லை: கூண்டில் அடைத்து வையுங்கள் என்ற ஒரு வாக்கியம், நரம்புப் பரிசோதனையின் கிரேடு. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை. கோப்பில் உள்ளதை வைத்து, எந்த நாளில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. டேஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சு, பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக் போன்ற குட்டைக்கால் இனங்களில், காலைக் குட்டையாக்கும் அதே மரபணுக் கோளாறு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கையும் கெடுக்கிறது. ஜெல்லி மாதிரி இருக்க வேண்டிய நடுப்பகுதி சின்ன வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பேறிவிடும். ஒருநாள் அதைச் சுற்றியுள்ள வளையம் கிழிந்து, அந்தக் கட்டி மேல்நோக்கிப் பீய்ச்சிக்கொண்டு தண்டுவடத்தில் மோதும். பெரும்பாலும் விலா எலும்புகள் முடியும் இடத்துக்கு அருகில்தான் இது நடக்கும். கூன் போடுவது, தூக்கினால் கத்துவது, சோஃபாவில் ஏற மறுப்பது எல்லாம் தொடக்க அடையாளங்கள். வயிற்று வலி என்று நினைத்து வயிற்றுக்கு மருந்து வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

மொத்தம் ஐந்து கிரேடு. வலி மட்டும் இருந்தால் 1. தள்ளாடினாலும் தானே நடந்தால் 2. தானே எழுந்து நடக்க முடியாது, ஆனால் பின்னங்காலில் கொஞ்சமாவது இஷ்டப்பட்ட அசைவு இருந்தால் 3. அசைவு சுத்தமாக இல்லை, ஆனால் விரல் எலும்பை அழுத்தினால் வலி தெரியும் ஆழ்வலி உணர்வு இருக்கிறது என்றால் 4. அதுவும் போய்விட்டால் 5. கூண்டா கத்தியா என்ற கேள்விக்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. எண்ணை எழுதாமல் "நரம்பு வீக்னஸ்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. மேற்படி கோப்பில் எட்டு நாளும் அதுதான் எழுதியிருந்தது.

முதல் நாள் நாய் கிரேடு 1. அன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றது சரியே. தப்பு வேறு இடத்தில். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, கூடவே மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரையும் கொடுத்து, பி12 ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டீராய்டும் மெலாக்சிகாமும் ஒரே சமயத்தில் போகக் கூடாது. குடலில் புண் வரும், ஓட்டையே விழலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதானாலும் நடுவில் சில நாள் இடைவெளி விட வேண்டும். திடீரென்று வரும் டிஸ்க் நோய்க்கு ஸ்டீராய்டு தேவையில்லை என்பதே இன்று நரம்பியல் கால்நடை மருத்துவர்களின் பொதுக் கருத்து. மெலாக்சிகாம் மட்டும் போதும்: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினம் 0.1 மி.கி., சாப்பாட்டோடு. வலி அடங்காவிட்டால் டாக்டர் கேபாபென்டின் சேர்ப்பார். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு விற்கும் மெலாக்சிகாம் 7.5 மி.கி. மாத்திரை, 9 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல எட்டு மடங்கு. அந்தப் பக்கமே போகாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு விஷம்தான்.

ஸ்டீராய்டின் இன்னொரு தொல்லை, நாய்க்கு உடனே சுகமாக இருப்பது போலத் தெரியும். இரண்டாம் நாளே அது வீடெல்லாம் ஓடியது, கட்டிலிலிருந்து குதித்தது. குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிழிந்த வளையம் கிழிந்தபடியேதான் இருந்தது.

கூண்டு ஓய்வு என்றால் வீட்டுக்குள் கட்டிப்போடுவது இல்லை, ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துவதும் இல்லை. 9 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 3 அடிக்கு 2 அடி, மேலே மூடிய கூண்டு. நின்று, திரும்பி, படுக்க மட்டும் இடம். அடியில் வழுக்காத விரிப்பு, அதன்மேல் தட்டையான மெத்தை. சாப்பாடும் தண்ணீரும் உள்ளேயே. ஒன்றுக்கு ரெண்டுக்கு மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். மார்பு பெல்ட்டில் கயிறு, வயிற்றுக்கடியில் மடித்த துண்டு, ஐந்து நிமிடம், திரும்பக் கூண்டு. தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், முதுகு நேர்கோட்டில் இருக்க வேண்டும். இப்படிக் குறைந்தது 4 வாரம். ஐந்தாம் நாளே நடக்கிறது என்றாலும் 4 வாரம்தான், ஏனென்றால் வலி போவது வேறு, வளையம் ஆறுவது வேறு. இந்த 4 வாரத்தில் முதுகைப் பிடித்துவிடுவது, காலை இழுத்துப் பயிற்சி கொடுப்பது எதுவும் கூடாது.

நான்காம் நாள் காலையில் நாயால் எழுந்து நிற்க முடியவில்லை. பின்னங்கால்கள் கொஞ்சம் அசைந்தன. கிரேடு 3. எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறிவு இல்லை, பயப்படாதீங்க" என்று லேசர் பேக்கேஜ் விற்றார்கள். எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. எலும்பு உடையவில்லை, எலும்பில் புற்றுக்கட்டி இல்லை என்று சொல்ல அது உதவும். எந்த டிஸ்க் பிதுங்கியது என்று சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும். சுண்ணாம்பேறிய டிஸ்க் என்பதால் இந்த இனங்களுக்குப் பல சமயம் சி.டி.யே போதும். லேசரால் கெடுதல் இல்லை. ஆனால் தண்டுவடத்தை அழுத்தும் கட்டியை லேசர் எடுக்காது. தினமும் ஆட்டோவில் குலுங்கிப் போய் வருவது கூண்டு ஓய்வுக்கு நேர் எதிர்.

அன்றைக்கு உரிமையாளரிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கிரேடு 3-ல் கூண்டில் வைத்தால் நூற்றுக்கு 80 நாய்கள் நடக்கின்றன, ஆபரேஷன் செய்தால் 90-க்கு மேல். ஆபரேஷன் செய்த நாய் சீக்கிரம் நடக்கும், நோய் திரும்ப வருவதும் குறைவு. பணம் முடியாதவர் கூண்டைத் தேர்ந்தெடுப்பது தப்பே இல்லை, ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கால் அசைவைப் பார்க்க வேண்டும். ஒரு படி இறங்கினாலும் கணக்கு மாறிவிடும். கிரேடு 4-ல் கூண்டால் 60, ஆபரேஷனால் 90-க்கு மேல். கிரேடு 5-ல் கூண்டால் 20, ஆபரேஷனால் 60. ஆக 1, 2-ல் முதலில் கூண்டு. 4, 5-ல் வசதி இருந்தால் தாமதிக்காமல் ஆபரேஷன். நடுவில் இருக்கும் 3 தான் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய இடம்.

ஐந்தாம் நாள் இரவு அசைவு நின்றது. அதாவது கிரேடு 4, சிகிச்சைக்கு நல்ல பலன் இருந்த கடைசிக் கட்டம். மறுநாள் கிளினிக்கில் விரல்களுக்கு இடையே தோலைக் கிள்ளினார்கள். நாய் காலை இழுத்துக்கொண்டது. "பாருங்க, உணர்ச்சி இருக்கு, சிட்டிங்க தொடருங்க" என்றார்கள். இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

காலை இழுத்துக்கொள்வது உணர்வு இல்லை. அது காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். தண்டுவடம் மேலே முழுசாகத் துண்டானாலும் கால் மடங்கும். ஆழ்வலியைப் பார்க்கும் முறை வேறு. நாயை அமைதியாகப் படுக்க வைத்து, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் தோலை மட்டும் கிள்ளாமல் விரல் எலும்பையே அழுத்த வேண்டும். இரண்டு காலிலும், உள்விரல் வெளிவிரல் இரண்டிலும், வாலிலும். அப்போது பார்க்க வேண்டியது காலை இல்லை, முகத்தை. தலையைத் திருப்புகிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா, குறைந்தபட்சம் கண்மணி விரிகிறதா? கால் மட்டும் மடங்கி, முகம் பாட்டுக்கு எதிரே பார்த்துக்கொண்டிருந்தால் அது கிரேடு 5. வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்காதீர்கள். டாக்டரை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லி, முகத்தைக் கவனியுங்கள். உங்கள் குரல் கேட்டு நாய் வாலாட்டினால் அது இஷ்டப்பட்ட அசைவு, அப்போது இந்தச் சோதனையே தேவையில்லை. தொட்டால் மட்டும் ஆடும் வாலை நம்ப வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஏமாற்று: "தானே ஒன்றுக்குப் போகுதே, நல்ல அறிகுறி." தூக்கும்போது சொட்டுவதும், படுக்கை நனைந்திருப்பதும் பல சமயம் நிரம்பி வழிவது. போனபிறகு அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பந்து மாதிரி இறுக்கமாக ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் சிறுநீர்ப்பை காலியாகவில்லை. 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் அழுத்தி எடுக்க வேண்டும். டாக்டரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், வீடியோ பார்த்துப் பழகுவது ஆபத்து. இந்த நாய்க்கு யாரும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் வேறு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சிறுநீர்த் தொற்று, தார் போலக் கறுப்பு மலம், ஆழ்வலி இல்லை. குடல் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும்வரை மயக்க மருந்து கொடுக்க முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் போனது. சி.டி.யில் 12, 13-ஆம் மார்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் கட்டி தெரிந்தது. பக்கவாட்டில் எலும்பைத் திறந்து அதை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் ஆழ்வலி திரும்பவில்லை. வண்டி கட்டி ஓடுகிறது, தினம் மூன்று வேளை சிறுநீரைக் கையால் எடுக்கிறார்கள்.

கிரேடு 5 என்று தெரிந்த நாய்களில் பத்தில் ஒன்று அளவுக்குத் தண்டுவடம் மேல்நோக்கி அழுக ஆரம்பிக்கும். கால்கள் துவண்டு மடங்காமல் போவது, வயிறு தொளதொளப்பது, முதுகுத் தோலைக் கிள்ளினால் துடிக்கும் எல்லை நாளுக்கு நாள் தலைப்பக்கம் ஏறுவது இதன் அடையாளங்கள். பிறகு முன்னங்கால், பிறகு மூச்சு. இதற்கு மருந்து இல்லை. ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் முன் இதையும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் "கட்டாயம் நடக்கும்" என்பவரும் ஏமாற்றுகிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தானே நடந்துவரும் கிரேடு 1 நாய்க்கு எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு டிஸ்க் தெரிகிறது என்று அன்றைக்கே கத்தி எடுக்கச் சொல்பவர்கள். டேஷ்ஹண்ட்டில் சுண்ணாம்பேறிய டிஸ்க் எந்த நோவும் இல்லாத நாய்க்கும் தெரியும். கூண்டில் வைத்தும் வலி அடங்காவிட்டால், திரும்பத் திரும்ப வந்தால், நடை மோசமானால்தான் அந்தப் பேச்சு.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, பில், ஒவ்வொரு நாளும் நாய் நடந்த வீடியோ எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். இந்த வழக்கில் நான்காம் நாள் எடுத்த 20 விநாடி வீடியோதான் அன்றைக்குக் கால் அசைந்ததைக் காட்டுகிறது. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். பணம் திரும்பக் கேட்பது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2 வருடத்துக்குள். பயன்படுத்தாத சிட்டிங்குகளின் தொகையை முதலில் எழுத்தில் கேளுங்கள், அவர்கள் தரும் பதிலும் கோப்பில் சேர வேண்டும்.